கருகிய 16 ஆம்பியர் பிளக்: ஒரு வாட்டர் ஹீட்டர் இணைப்பின் நிகழ்வு ஆய்வு

கோயம்புத்தூரில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட ஒரு மாடி வீடு. முதல் தளத்துக் குளியலறையில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த 15 லிட்டர் ஸ்டோரேஜ் ஹீட்டரின் தொட்டி ஓட்டையாகிவிட்டதால், அதைக் கழற்றிவிட்டு 3 லிட்டர் இன்ஸ்டன்ட் ஹீட்டர் ஒன்றை அதே இடத்தில் மாட்டியிருந்தார்கள். பழைய பிளக் பாயின்ட், பழைய சுவிட்ச், பழைய வயர் எதையும் தொடவில்லை. மூன்றாவது மாதம் காலை நேரத்தில் பிளாஸ்டிக் தீயும் வாடை வந்து, பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தபோது அதன் ஒரு முள் கறுத்து, சாக்கெட்டின் அந்தத் துளை உருகிக் கோணியிருந்தது. மின்னோட்டம் அளவு மீறினால் சுற்றை அறுக்கும் எம்.சி.பி. ஒருமுறைகூட விழவில்லை. வீட்டுக்காரர் என்னை அழைத்துக் கேட்ட முதல் கேள்வியே அதுதான்: "இத்தனை சூடு ஏறியும் டிரிப் ஆகலீங்களே, எம்.சி.பி. கெட்டுப் போச்சுங்களா?"

எம்.சி.பி. கெடவில்லை. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அந்தச் சூடு அதன் கண்ணில் படக்கூடியதே அல்ல. அது ஏன் என்பதிலிருந்துதான் இந்த இணைப்பை முழுவதும் புதிதாகச் செய்ய வேண்டிய காரணங்கள் ஒவ்வொன்றாகப் பிறந்தன.

பழைய ஹீட்டர் 2 கிலோவாட். 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். புதியது 3 கிலோவாட், அதாவது 13 ஆம்பியர். 16 ஆம்பியர் என்று அச்சிட்ட பிளக்குக்கு இரண்டும் உட்பட்டவையே என்பதால், கடைக்காரரும் மாட்டிக் கொடுத்தவரும் யோசிக்கவில்லை. ஆனால் ஒரு தளர்ந்த தொடுமுனையில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுகிறது. மின்னோட்டம் ஒன்றரை மடங்கானால் சூடு இரண்டேகால் மடங்காகிறது. ஆண்டுக்கணக்கில் தளர்ந்து, அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருந்த சாக்கெட் பட்டை 8.7 ஆம்பியரில் வெதுவெதுப்போடு தப்பித்துவந்தது. 13 ஆம்பியரில் அதே தளர்வு பிளாஸ்டிக்கை உருக்கப் போதுமானதாயிற்று. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஸ்டோரேஜ் ஹீட்டர் தண்ணீரைச் சுடவைத்ததும் தெர்மோஸ்டாட் அறுத்துவிடும், இடையில் பிளக்குக்கு ஓய்வு கிடைக்கும். இன்ஸ்டன்ட் ஹீட்டரில் குழாய் திறந்திருக்கும் வரை எலிமென்ட் பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வீட்டில் காலையில் ஐந்து பேர் ஒருவர் பின் ஒருவராகக் குளிக்கிறார்கள்.

தளர்ந்த தொடுமுனை என்பது சுற்றில் கூடுதலாகச் சேர்ந்த ஒரு சிறு மின்தடை. அது மின்னோட்டத்தைக் குறைக்குமே தவிர ஏற்றாது. எம்.சி.பி. அறிவது மின்னோட்டத்தின் அளவை மட்டும். எனவே பிளக் எரிந்து முடியும் வரை அது அசையாமல் இருப்பது இயல்பே.

முதல் நாள் நான் செய்தது அளவெடுப்பு மட்டும். சாக்கெட்டைத் தற்காலிகமாக மாற்றாமல், உள்ளபடியே ஹீட்டரைச் சில நிமிடம் ஓடவிட்டு, எம்.சி.பி.கள் இருக்கும் டி.பி. பெட்டியிலும் பிளக் முனையிலும் ஒரே நேரத்தில் வோல்டேஜ் பார்த்தோம். (மின்சாரம் ஓடும்போது திறந்த பெட்டியில் செய்யும் இந்தச் சோதனை உரிமம் பெற்ற வயர்மேனுக்கு மட்டும் உரியது, வீட்டார் முயலக்கூடாதது.) பெட்டியில் 226, ஹீட்டர் முனையில் 214. இடையில் 12 வோல்ட் காணாமல் போயிருந்தது. ஓடிய மின்னோட்டம் 12.1 ஆம்பியர்.

இந்த 12 வோல்ட்டைப் பிரித்துப் பார்ப்பதுதான் நோயறியும் வழி. அந்தச் சுற்றின் வயர் 1.5 சதுர மில்லிமீட்டர், ஒருவழி நீளம் 18 மீட்டர். அந்த அளவு செம்பு வயரில், போகவரச் சேர்த்து, அந்த மின்னோட்டத்துக்கு இழக்க வேண்டியது ஏறத்தாழ 6 வோல்ட். அப்படியானால் மீதி 6 வோல்ட் வயரில் அல்ல, மூட்டுகளில் போயிருக்கிறது. 6 வோல்ட்டை 12 ஆம்பியரால் பெருக்கினால் 72 வாட். ஒரு சோல்டரிங் அயர்னுக்கு 25 வாட் போதும். அந்த வாட் கணக்கில் மூன்று அயர்ன் சுவருக்குள் ஒளிந்து சுட்டுக்கொண்டிருந்தன என்று வீட்டுக்காரரிடம் சொன்னபோது, அதற்குப் பிறகு அவர் வயருக்கு ஆகும் செலவைப் பற்றிப் பேசவில்லை.

மூட்டு மூட்டாக மீட்டரை வைத்துத் தேடினோம். கருகிய முள்ளுக்கும் சாக்கெட்டின் திருகுமுனைக்கும் இடையே 1.4 வோல்ட். சுவிட்சின் இரு முனைகளுக்கிடையே 0.6. மீதி நான்கு வோல்ட் கூரையடியில் இருந்த ஒரு ஜங்ஷன் பாக்ஸில் கிடைத்தது. அங்கே ஃபேஸும் நியூட்ரலும் வெறும் கையால் முறுக்கி, டேப் சுற்றி விடப்பட்டிருந்தன. டேப் பிசின்போல் இளகி வழிந்திருந்தது, உள்ளே செம்பு கருஞ்சிவப்பாக இருந்தது. வாடை வந்த இடம் பிளக் என்றாலும் அதைவிட அதிகம் சுட்ட இடம் தலைக்கு மேலே, யாரும் பார்க்காத பெட்டியில்தான் இருந்திருக்கிறது. பிளக்கை மட்டும் மாற்றிவிட்டுப் போயிருந்தால் அடுத்த வாடை அங்கிருந்து வந்திருக்கும்.

அதே நாளில் இன்னொரு கோளாறும் தெரிந்தது. இதுதான் என்னை அதிகம் கலங்கவைத்தது. ஹீட்டரின் சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கில் போகும் வயர்களின் முனையில் டெஸ்டரை வைத்தால் விளக்கு எரிந்தது. மீட்டரால் எர்த்துக்கு எதிரே பார்த்தால் முழு வோல்டேஜ். காரணத்தைத் தேடிப் போனபோது, எப்போதோ இன்வெர்ட்டர் வைத்தவர் மெயின் சுவிட்சுக்குப் பின் ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்திருப்பது புலப்பட்டது. அதாவது அந்த வீட்டின் எல்லா ஒற்றைத் துருவ சுவிட்சுகளும், எல்லா ஒற்றைத் துருவ எம்.சி.பி.களும் நியூட்ரலைத்தான் அறுத்துக்கொண்டிருந்தன. விளக்கு அணையும், ஃபேன் நிற்கும், ஹீட்டரும் சுடாது. எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். ஆனால் ஹீட்டரின் எலிமென்ட் முழுவதும், சுவிட்ச் அணைந்த நிலையிலும், ஃபேஸ் வோல்டேஜில் இருக்கும். எலிமென்ட்டின் உலோக உறையில் நுண்ணிய வெடிப்பு விழுந்தால், "அணைத்துவிட்டேன்" என்று நம்பிக் குளிக்கும் ஆள் நிற்பது அந்தத் தண்ணீரில்தான்.

அந்த மாற்றத்தை மெயின் சுவிட்சிலேயே நேர்ப்படுத்தினோம். ஆனாலும் நாளை இன்னொருவர் வந்து இதையே மீண்டும் செய்ய மாட்டார் என்று யாரும் உறுதி தர முடியாது. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒரே அசைவில் அறுக்கும் இருதுருவ சுவிட்சை ஹீட்டருக்கு மட்டும் தனியாக வைக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். வீட்டுக்குள் எங்கே எது இடம் மாறினாலும், அந்த சுவிட்சை அணைத்தால் ஹீட்டரில் மின்சாரம் இல்லை. பொது நியூட்ரல் எங்காவது அறுந்து, மற்ற விளக்கு, ஃபேன் வழியாக நியூட்ரலான கறுப்பு வயரிலேயே வோல்டேஜ் திரும்பி வரும் நேரத்திலும் இதே பாதுகாப்பு உண்டு. பச்சை வயரான எர்த்தை மட்டும் எந்த சுவிட்சும் அறுக்கக்கூடாது. அது நேராகப் போக வேண்டும்.

இங்கே பெயர் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர்ப் பேச்சில் எம்.சி.பி.கள் இருக்கும் பெட்டியும் "டி.பி." தான், இருதுருவ சுவிட்சும் "டி.பி." தான். தமிழில் எழுதினாலும் இரண்டும் ஒரே எழுத்து. கடைக்குப் பையனை அனுப்பினால் தவறான பொருளோடு திரும்புவான். அதைவிட ஆபத்தான குழப்பம் ஒன்று உண்டு: இரண்டு சுவிட்ச் அகலத்துக்கு வரும் பெரிய 20 ஆம்பியர், 25 ஆம்பியர் ராக்கர் சுவிட்சைப் பார்த்தாலே "டி.பி. சுவிட்ச்" என்று எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அவற்றில் பல வெறும் ஒற்றைத் துருவம். அகலத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் நான்கு மின்முனைகள் இருக்க வேண்டும், உள்ளே வருவதற்கு இரண்டு, வெளியே போவதற்கு இரண்டு. கடையிலேயே மீட்டரை பீப் நிலையில் வைத்து, சுவிட்ச் போட்டிருக்கையில் இரு ஜோடியும் ஒலிக்கின்றனவா, அணைத்ததும் இரு ஜோடியும் நிற்கின்றனவா என்று பார்ப்பது என் வழக்கம். இண்டிகேட்டர் விளக்கு உள்ள சுவிட்சில் அந்த விளக்குக்கும் நியூட்ரல் உள்ளிருந்தே கிடைப்பதால், எந்த ஜோடி வரத்து, எந்த ஜோடி போக்கு என்பதை மாற்றிக் கொடுத்தால் சுவிட்சை அணைத்த பிறகும் விளக்கு எரியும். அந்த விளக்கு எரியவில்லை என்பதும் மின்சாரம் இல்லை என்பதற்குச் சான்றாகாது, விளக்கே போயிருக்கலாம்.

நாங்கள் தேர்ந்தது 32 ஆம்பியர் இருதுருவ சுவிட்ச். 13 ஆம்பியர் சுமைக்கு 20 ஆம்பியர் சுவிட்ச் போதுமே என்றால், போதும்தான். ஆனால் 32 ஆம்பியர் வகையில் திருகுமுனைகள் பெரியவை, 4 சதுர மில்லிமீட்டர் வயர் நெருக்கடியின்றி உட்காரும். விலை வேறுபாடும் சிறிது. அதற்கான இடம் குளியலறைக்கு வெளியே, கதவை ஒட்டி, தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரம். ஈரக்கையோடு எட்டித் தொட முடியாத இடம் என்பதே கணக்கு.

இனி வயர். இதில்தான் அதிகம் வாதம் நடந்தது.

"கம்பெனிக்காரனே ஹீட்டர்ல இந்த அளவு வயர்தானுங்க குடுத்திருக்கான். நீங்க ஏனுங்க இத்தனை தடிமனா கேக்குறீங்க?" என்று வீட்டுக்காரர் ஹீட்டரின் கேபிளைக் கையில் பிடித்துக் காட்டினார். அவர் சொன்னது உண்மை. ஹீட்டரோடு வந்தது 1.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் கேபிள். ஆனால் அது ஒரு மீட்டருக்கும் குறைவான நீளம், திறந்த காற்றில் தொங்குவது, தன் சூட்டைச் சுற்றிலும் விட்டுவிடக்கூடியது. வீட்டுக்கான வயர் 18 மீட்டர் நீளத்துக்குக் குழாய்க்குள், காங்கிரீட்டுக்குள், மற்ற வயர்களோடு உடம்பு ஒட்டிக் கிடப்பது. ஒரே வயர் ஓரிடத்தில் எவ்வளவு ஆம்பியர் தாங்கும் என்பதை முடிவு செய்வது அதன் சூடு வெளியேற எவ்வளவு இடம் இருக்கிறது என்பதுதான்.

முதலில் நான் பரிந்துரைத்தது வெளிச்சுவரில் புதிய பி.வி.சி. குழாய் ஒன்றைத் தனியாக ஓட்டுவது. மின் இணைப்புகளுக்கான பன்னாட்டுத் தரமான ஐ.இ.சி. 60364 அட்டவணைப்படி, சுவரில் உள்ள குழாய்க்குள் தனியாகப் போகும் 2.5 சதுர மில்லிமீட்டர் பி.வி.சி. செம்பு வயர் 30 டிகிரி சுற்றுச்சூட்டில் 24 ஆம்பியர் தாங்கும். கோவையின் வெயிலுக்கு 40 டிகிரி என்று வைத்தால் 0.87 ஆல் பெருக்க வேண்டும், ஏறத்தாழ 21 ஆம்பியர் மிஞ்சும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது தாராளம். அந்த வழியில் போயிருந்தால் 2.5 ஸ்கொயர் வயரே சரியான அளவு.

வெளிச்சுவரில் குழாய் தெரிவதை வீட்டார் விரும்பவில்லை. ஆகவே பழைய உட்குழாய் வழியே, மொட்டைமாடி ஸ்லாப்புக்குள் போக வேண்டியதாயிற்று. அந்தக் குழாயில் வாஷிங் மெஷினுக்கான சுற்றும் போகிறது. கணக்கு அங்கே மாறிவிட்டது. வெயில் ஏறிய ஸ்லாப்பின் உள்ளே 45 டிகிரி என்று எடுத்தேன், அதற்கு 0.79. ஒரே குழாயில் இரண்டு சுற்றுகள் சூடாகின்றன, அதற்கு 0.8. 24 ஆம்பியர் 15 ஆம்பியராகச் சுருங்கியது. ஹீட்டர் இழுக்கும் 13 ஆம்பியரை அது இன்னமும் தாங்கும் என்பது உண்மை. ஆனால் வயர் தாங்கும் அளவு எம்.சி.பி.யின் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது. அதாவது வயரைக் காக்க வேண்டிய எம்.சி.பி. வயருக்குப் பிறகே வலியை உணரும். இந்த வரிசை தலைகீழாகக்கூடாது: சுமை, அதற்கு மேல் எம்.சி.பி., அதற்கும் மேல் வயர். 4 சதுர மில்லிமீட்டருக்கு அட்டவணை தருவது 32. அதே இரண்டு குறைப்புகளுக்குப் பிறகு 20 ஆம்பியர். 13, 16, 20 என்று வரிசை நேரானது.

வீட்டு சப்ளையில் இரவிலும் அதிகாலையிலும் 250 வோல்ட் வரை ஏறுவதை அந்தப் பகுதியில் பார்த்திருக்கிறேன். அப்போது இதே ஹீட்டர் 14.2 ஆம்பியர் இழுக்கும். எலிமென்ட் ஒரு மாறாத மின்தடை என்பதால் வோல்டேஜ் ஏறினால் மின்னோட்டமும் ஏறும். ஹீட்டரில் எழுதியிருக்கும் 13 ஆம்பியரை மட்டும் நம்பி நுனியில் அளவெடுப்பது இதனால்தான் தவறு. மறுபுறம், "டிரிப் ஆகாம இருக்கட்டும்" என்று 32 ஆம்பியர் எம்.சி.பி. போடுவது வேறு வகைத் தவறு. அந்த வீட்டின் பழைய சுற்றில் 1.5 சதுர மில்லிமீட்டர் வயரின் மேல் 20 ஆம்பியர் எம்.சி.பி. இருந்தது. எரியும் முறை வயருக்கே முதலில் வரும்படி யாரோ ஏற்பாடு செய்திருந்தார்கள்.

வேலை நாளில் பழைய 1.5 வயர் மூன்றையும் உருவி எடுத்துவிட்டு, அதே 25 மில்லிமீட்டர் குழாயில் சிவப்பு, கறுப்பு, பச்சை மூன்றும் 4 சதுர மில்லிமீட்டராகவே இழுத்தோம். பச்சையை மெல்லியதாகப் போட்டு மிச்சம் பிடிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. இந்த அளவு வயர்களில் எர்த்தும் ஃபேஸின் அளவிலேயே இருக்க வேண்டும். நடுவில் எங்கும் மூட்டு வைக்கவில்லை. முறுக்கு மூட்டு இருந்த ஜங்ஷன் பாக்ஸ் இப்போது வயர் இழுக்க மட்டும் பயன்படும் வெற்றுப் பெட்டி. டி.பி. பெட்டியில் தொடங்கி, இருதுருவ சுவிட்சில் ஒருமுறை நின்று, ஹீட்டருக்குப் பக்கத்தில் முடியும் ஒரே ஓட்டம்.

பல இழை வயரின் முனையை அப்படியே திருகுக்குள் நுழைத்தால் சில இழைகள் வெளியே பிதுங்கும், திருகு மற்ற இழைகளை நசுக்கி நகர்த்தும், சில மாதத்தில் பிடி தளரும். அதனால் ஒவ்வொரு முனைக்கும் பித்தளைக் குழல் லக் போட்டு, கிரிம்ப் செய்து, திருகிய பின் ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பார்த்தோம். என்னோடு வந்த வயர்மேன் தம்பி ஒன்பதாவது முனையை இழுத்தபோது அது கையோடு வந்துவிட்டது. திருகு வயரின் தோலைப் பிடித்திருந்ததே தவிர செம்பைப் பிடிக்கவில்லை. இழுத்துப் பார்க்காவிட்டால் அது மீட்டருக்கும் தெரியாது, வயரின் காப்பைச் சோதிக்கும் மெக்கருக்கும் தெரியாது. இரண்டும் "இணைப்பு இருக்கிறது" என்றே சொல்லும்.

ஹீட்டர் முனையில் பிளக்கை அறவே ஒழித்தோம். ஹீட்டரின் கேபிளும் 4 ஸ்கொயர் வயரும் ஒரு மூடிய பெட்டிக்குள் பீங்கான் கனெக்டரில் சேர்கின்றன. சில தயாரிப்பாளர்கள் பிளக்கை வெட்டினால் உத்தரவாதம் செல்லாது என்று கையேட்டில் எழுதியிருப்பார்கள். அதை முன்கூட்டியே படித்துவிட்டு வீட்டுக்காரரின் சம்மதத்தோடுதான் வெட்டினேன். பிளக் கட்டாயம் என்றால் புதிய, இறுக்கமான 16 ஆம்பியர் சாக்கெட்டை வைத்து, சுற்றை அணைக்கும் வேலையை இருதுருவ சுவிட்சிடமே விட்டு, பிளக்கை அடிக்கடி பிடுங்காமல் இருந்தாலும் நிலைமை பெரிதும் மேம்படும்.

எர்த் சோதனை தனிக் கதை. சாக்கெட்டின் எர்த் துளைக்கும் ஃபேஸுக்கும் மீட்டரில் 226 வோல்ட் காட்டியது, எர்த் இருக்கிறது என்றே வீட்டார் நம்பியிருந்தார்கள். சாதாரண மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சொற்பம் என்பதால், துருப்பிடித்த, மெல்லிய, நூறு ஓம் எர்த்தும் அதற்கு நல்ல எர்த்தாகவே தெரியும். எர்த் வழியின் மின்தடையை நிஜ மின்னோட்டம் ஓட்டி அளக்கும் லூப் டெஸ்டர் வைத்துப் பார்த்தபோது 12 ஓம். அந்த வீட்டுக்கு எர்த் என்பது தோட்டத்தில் உள்ள தன் சொந்தக் குழி. 12 ஓமில், எலிமென்ட் முழுவதுமாகத் தொட்டியின் உடம்போடு ஒட்டிப்போனால்கூட எர்த் வழியே ஓடக்கூடியது 19 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதை ஒரு மணி நேரத்துக்கு மேலும் தாங்கிக்கொண்டு நிற்கலாம். அவ்வளவு நேரமும் தொட்டியின் உடம்பில் ஏறத்தாழ முழு வோல்டேஜ் இருக்கும். எர்த் குழியைச் செப்பனிட்டு 4 ஓமுக்கு இறக்கினோம், ஆனாலும் அதை நம்பியிருக்கவில்லை. அந்தச் சுற்றுக்கென்று, மின்கசிவைக் கண்டதும் விழும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை, 25 ஆம்பியர் அளவில், எம்.சி.பி.யோடு சேர்த்து வைத்தோம். இருதுருவ சுவிட்ச் கசிவைக் கண்டுபிடிக்காது, எம்.சி.பி.யும் கண்டுபிடிக்காது. குளியலறையில் ஆளைக் காப்பது இந்த மூன்றாவது சாதனம் மட்டுமே.

முதல் ஓட்டத்தில் ஆர்.சி.சி.பி. விழுந்தது. ஹீட்டர் அணைந்திருக்கையில் நின்றது, போட்ட நொடியில் விழுந்தது. எலிமென்ட் கசிகிறது என்றார் வயர்மேன் தம்பி. ஹீட்டரைப் பிரித்துவிட்டு மெக்கரால் 500 வோல்ட்டில் பார்த்தால் எலிமென்ட்டும் வயரும் நூறு மெகாஓமுக்கு மேல். கசிவு இல்லை. பெட்டியைத் திறந்து கறுப்பு வயரைத் தொடர்ந்து போனபோது, அது ஆர்.சி.சி.பி.யின் கீழ்முனைக்குப் போகாமல் பொது நியூட்ரல் பட்டையில் இருந்தது. ஃபேஸ் சாதனத்தின் வழியே போய், நியூட்ரல் வேறு வழியில் திரும்பினால், போனது வரவில்லை என்று அது கணக்கிட்டு விழுவது சரியே. இந்த அடையாளத்தை நினைவில் வைத்துக்கொள்ளலாம்: கசிவினால் விழும் ஆர்.சி.சி.பி. பெரும்பாலும் ஈரமான நேரங்களிலோ, எலிமென்ட் சூடேறிய பின்போ விழும். சுமை போட்ட அதே நொடியில், ஒவ்வொரு முறையும், தவறாமல் விழுந்தால் முதலில் நியூட்ரலைச் சந்தேகிக்க வேண்டும். கறுப்பை இடம் மாற்றியதும் நின்றது. டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்பதை வீட்டுக்காரரையே செய்ய வைத்துப் பார்த்தோம்.

மின்சாரம் கொடுப்பதற்கு முன் சூடுநீர்க் குழாயைத் திறந்து, காற்றுக் குமிழி நின்று தண்ணீர் சீராக வரும் வரை காத்திருந்தோம். வெறும் தொட்டியில் 3 கிலோவாட் எலிமென்ட் சில நிமிடங்கள் ஓடினாலே வீணாகிவிடும்.

பிறகு முதல் நாள் எடுத்த அதே அளவுகளை மீண்டும் எடுத்தோம். டி.பி. பெட்டியில் 226, ஹீட்டர் முனையில் 223.7. பன்னிரண்டாக இருந்த இழப்பு 2.3 வோல்ட். 18 மீட்டர் 4 ஸ்கொயர் வயர் மட்டுமே இழக்க வேண்டிய அளவுக்கு அது ஏறக்குறைய சமம். மூட்டுகளில் எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்பது அந்த ஓர் எண்ணிலேயே தெரிந்தது. கிளாம்ப் மீட்டரில் 12.7 ஆம்பியர். தொடர்ந்து நாற்பது நிமிடம், அதாவது அந்தக் குடும்பத்தின் காலைநேரக் கணக்குக்கு, வாளி வாளியாகத் தண்ணீர் பிடித்து ஊற்றிக்கொண்டே ஓடவிட்டோம். சுவிட்சின் முகப்பு கைக்கு வெதுவெதுப்பாகக்கூட இல்லை. கனெக்டர் பெட்டி லேசான வெப்பத்தோடு நின்றுவிட்டது.

ஒரு மாதம் கழித்துப் போய், சுற்றை அணைத்து, இருதுருவ சுவிட்சின் நான்கு திருகுகளையும் கனெக்டரின் ஆறு திருகுகளையும் மறுபடி சோதித்தேன். புதுச் செம்பு அழுத்தத்துக்குப் பழகி லேசாக இளகுவது இயல்பு. சுவிட்சின் நியூட்ரல் போக்குமுனை கால் சுற்று இறங்கியது, மற்றவை அசையவில்லை.